கேர்வ் செய்துவிட்டால் எழுத்துரு நம்முடையதாகிவிடுமா?

வணக்கம் அண்ணா. உப்புவெளியில் வீட்டோடு கறித்தூள் வறுத்து இடித்து பக்கற் போட்டு விற்கிறேன். பெயர், லேபல் எல்லாம் என் பெரியம்மாவின் மகன் செய்து தந்தான். ஒரு வருடமாக அந்த ஸ்டிக்கரைத்தான் ஒட்டுகிறேன். இப்போது கொழும்பில் ஒரு கடை எடுக்கச் சம்மதித்திருக்கிறது, ஆனால் அச்சடித்த பவுச்சில் கேட்கிறார்கள். அவர்கள் அனுப்பிய படிவத்தில் லேபலில் உள்ள படங்களுக்கும் எழுத்துருக்களுக்கும் உரிமம் இருக்கிறதா என்று ஒரு கேள்வி. தம்பியைக் கேட்டால் "இலவசமாக டவுன்லோட் செய்ததுதான் அக்கா" என்கிறான். அச்சகத்தில் "கேர்வ் செய்தாச்சு, இனிப் பிரச்சினை இல்லை" என்கிறார்கள். பெயரைப் பதிவு செய்யவும் யோசிக்கிறேன். லேபலின் பிடிஎஃப்பும் தம்பியின் தொலைபேசி எண்ணும் இத்துடன் இருக்கின்றன. படிவத்தில் நான் என்ன எழுதுவது?

— ஒரு வாசகி, உப்புவெளி, திருகோணமலை

தங்கச்சி, முதலில் ஒன்று. பவுச்சுக்கான ஃபைலை இந்த வாரம் அனுப்ப வேண்டாம். ஸ்டிக்கரில் பிழை இருந்தால் அடுத்த முறை வேறு எழுத்தில் அடித்துக்கொள்ளலாம். பவுச் அப்படியல்ல. கிராவ்யூர் முறையில் அடிக்கும்போது ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் பொறிப்பார்கள். பிறகு உங்கள் பெயரின் எழுத்தை மாற்ற வேண்டி வந்தால், அந்தப் பெயர் எந்தெந்த நிறங்களில் வருகிறதோ அந்தச் சிலிண்டர்கள் எல்லாவற்றையும் திரும்பப் பொறிக்க வேண்டும். உங்களுடைய வடிவமைப்பில் பெயர் சிவப்பு, மஞ்சள், கறுப்பு மூன்றிலும் வருகிறது. அடித்து வந்த பவுச் ரோல்களும் வீண். அதனால் எழுத்துருவைப் பார்க்கும் வேலை சிலிண்டருக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும்.

அச்சகத்தில் சொன்னதில் பாதி சரி. கேர்வ் செய்வது என்றால், எழுத்தாக இருந்ததை வெறும் கோட்டு வடிவமாக மாற்றுவது. அப்படிச் செய்தால் அச்சகத்தின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் எழுத்து மாறாமல், உடையாமல் அச்சாகும். அச்சகத்துக்கு எழுத்துரு ஃபைலைக் கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை. அவர்களுடைய பிரச்சினை அதோடு தீர்ந்தது. உங்களுடையது தீரவில்லை. கேர்வ் செய்வதற்கு முன்னால் தம்பி அந்த எழுத்துருவைத் தன் கணினியில் போட்டு, அதில் உங்கள் பெயரைத் தட்டெழுதி, ஒரு வியாபாரப் பொருளுக்காக வடிவமைத்தான். லைசன்ஸ் பேசுவது அந்தச் செயலைப் பற்றித்தான். வெட்டிய மரம் மேசையாகிவிட்டது என்பதால், காட்டில் வெட்ட அனுமதி இருந்ததா என்ற கேள்வி மறைந்துவிடாது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்கா போன்ற சில நாடுகளில் எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. அந்த வடிவத்தை உண்டாக்கும் ஃபைல் மென்பொருளாகக் கருதப்பட்டு உரிமை பெறுகிறது. அதைக் கேள்விப்பட்டவர்கள் "வடிவத்துக்கு உரிமை இல்லை, கேர்வ் வெறும் வடிவம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் ஃபைலை எடுத்துப் பாவிக்கும்போதே அதனோடு வந்த நிபந்தனைகளை நீங்கள் ஏற்றுக்கொண்டதாகத்தான் உரிமையாளர் கொள்வார். நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கணினி நிரல்களைக் காக்கப்படும் ஆக்கங்களில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. எனவே கேர்வை நம்பி அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, உங்கள் லேபலுக்கு வருவோம். பிடிஎஃப்பை அக்ரோபாட் ரீடரில் திறந்து, `File` > `Properties` > `Fonts` என்ற இடத்தில் பார்த்தேன். `Latha`, `Iskoola Pota` என்று இரண்டே இரண்டு பெயர்கள். ஆனால் லேபலைக் கண்ணால் பார்த்தாலே நான்கு விதமான எழுத்துகள் தெரிகின்றன. காணாமல் போன அந்த இரண்டும் கேர்வ் செய்யப்பட்டவை. அவை தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ள உங்கள் வியாபாரப் பெயர், அதாவது லேபலிலேயே ஆக முக்கியமான இரண்டு சொற்கள். பிடிஎஃப்பை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்பவர்கள் தவறவிடுவது இந்த இடத்தில்தான். கேர்வ் செய்யாத மூல ஃபைலைக் கேட்டு வாங்காமல் இந்தச் சோதனை முழுமையாகாது.

தம்பியோடு பேசினேன். நல்ல பிள்ளை, ஒளிக்காமல் எல்லாம் சொன்னார். கோரல்ட்ரோவில் செய்த மூல ஃபைலையும், டவுன்லோட் செய்த zip ஐயும் அனுப்பினார். zip ஐ அழிக்காமல் வைத்திருந்தது பெரிய உதவி. அதற்குள் இருக்கும் சின்ன உரைக் ஃபைலில்தான் உண்மை இருக்கும், ஆனால் பெரும்பாலானவர்கள் எழுத்துருவை மட்டும் இன்ஸ்டோல் செய்துவிட்டு மிச்சத்தை அழித்துவிடுவார்கள்.

நான்கையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சேர்மானங்கள் `Latha` விலும், சிங்கள வரிகள் `Iskoola Pota` விலும் இருக்கின்றன. இரண்டும் விண்டோஸோடு வருபவை. விண்டோஸ் எழுத்துருக்களைக் கொண்டு அச்சடித்ததை விற்பதை மைக்ரோசொஃப்ட் தடுப்பதில்லை. தம்பியின் விண்டோஸ் முறையாக வாங்கியதாக இருக்க வேண்டும், வீட்டுக்கும் மாணவருக்கும் மட்டும் என்று விற்கப்படும் மென்பொருளில் செய்த வேலையாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். எழுத்துரு ஃபைலைப் பென் ட்ரைவில் போட்டு அச்சகத்துக்குக் கொடுப்பது வேறு விஷயம், அதற்கு அனுமதி இல்லை. பிடிஎஃப்புக்குள் பதிந்து போவது போதும். இந்த இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஆங்கிலப் பெயர், தூரிகையால் எழுதியது போன்ற அந்த அழகான எழுத்து. தம்பி எடுத்த தளத்தில் அதற்குப் பக்கத்தில் `Free` என்றுதான் போட்டிருந்ததாம். zip ஐத் திறந்தால் உள்ளே ஒரு உரைக் ஃபைல், முதல் வரியே `FREE FOR PERSONAL USE ONLY`. வியாபாரத்துக்கு வேண்டுமென்றால் இந்த முகவரியில் லைசன்ஸ் வாங்கவும் என்று கீழே வடிவமைப்பாளரின் மின்னஞ்சல். தளத்தில் இருக்கும் `Free` என்ற சொல், டவுன்லோட் செய்யக் காசில்லை என்பதைத்தான் சொல்கிறது. என்ன செய்யலாம் என்பதைச் சொல்வது உரிமையாளர் எழுதிய வரி. பல தளங்கள் மற்றவர்களுடைய எழுத்துருக்களை எடுத்துத் திரும்ப ஏற்றுகின்றன, சில தளங்களில் அந்த உரைக் ஃபைலே நீக்கப்பட்டிருக்கும். எனவே `Personal use`, `Non-commercial`, `Demo`, `Trial` ஆகியவற்றில் எந்த ஒரு சொல்லைக் கண்டாலும் கறித்தூள் பக்கற்றுக்கு அது ஆகாது. உரைக் ஃபைலே இல்லையென்றால், எழுத்துருவின் பெயரை வைத்து உருவாக்கியவரின் சொந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்து அங்கே வாசிக்க வேண்டும்.

நான்காவது தமிழ்ப் பெயர். பாமினி விசைப்பலகை முறையில் ஓடும் ஒரு பழைய அலங்கார எழுத்துரு. யாரோ ஒருவரின் சீடியிலிருந்து தம்பியின் நண்பருக்கு, அவரிடமிருந்து தம்பிக்கு. நம் ஊர் அச்சகங்களில் இப்படிக் கைமாறிய எழுத்துருக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, நானும் அவற்றில்தான் தொழில் பழகினேன். ஃபைலின் மேல் வலது சொடுக்கு, `Properties`, பிறகு `Details` என்று போய்ப் பார்த்தேன். `Copyright` என்ற வரியில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, அனுமதி பற்றி ஒரு சொல்லும் இல்லை. `Font embeddability` என்ற வரியில் `Installable` என்று இருக்கிறது. தம்பி அதைக் காட்டி, "அண்ணா, இன்ஸ்டோல் செய்யலாம் என்று போட்டிருக்கிறதே" என்றார். அது லைசன்ஸ் இல்லை. இந்த எழுத்துருவை ஒரு ஆவணத்துக்குள் பதிக்கலாமா என்று மென்பொருளுக்குச் சொல்லும் ஒரு குறிப்பு மட்டும்தான். எழுத்துருவைச் செய்யும் மென்பொருளில் அந்த இடத்தைத் தொடாமலே விட்டாலும் அப்படியே வரக்கூடும். உரிமையாளர் யார் என்று ஃபைலே சொல்கிறது, அவர் அனுமதித்தார் என்பதற்கு உங்களிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை. அந்த நிலையில் இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆக, இரண்டு சரி, இரண்டு சரியில்லை. சரியில்லாத இரண்டும் உங்கள் பெயர்.

ஆங்கில எழுத்துக்கு லைசன்ஸ் வாங்கிவிடலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். வாங்கலாம். ஆனால் வாங்குமுன் எந்த லைசன்ஸ் என்று வாசிக்க வேண்டும். டெஸ்க்டொப் லைசன்ஸ் என்பது இத்தனை கணினிகளில் போட்டு வடிவமைக்கலாம் என்ற அனுமதி. சில உரிமையாளர்கள் அதற்குள்ளேயே லோகோவையும் பொதியையும் சேர்த்துக்கொள்வார்கள். சிலர் லோகோவுக்குத் தனியாகக் கேட்பார்கள். வேறு சிலர் விற்பனைப் பொருளில் இத்தனை பிரதி வரை என்று எல்லை வைப்பார்கள்; ஸ்டிக்கர் சில ஆயிரத்தோடு நிற்கும், பவுச் அதைத் தாண்டிப் போகும். எழுத்தின் வடிவத்தை மாற்றக் கூடாது என்று போட்டிருப்பவர்களும் உண்டு. தம்பி ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்தை இழுத்து ஒரு மிளகாய்க் காம்பு போல வளைத்திருக்கிறார், அந்த வகை லைசன்ஸில் அதுவே மீறலாகிவிடும். ரசீது யார் பெயரில் என்பதும் முக்கியம். தம்பி பெயரில் வாங்கினால் வடிவமைக்கும் அனுமதி தம்பிக்கு. நாளைக்கு வேறொருவரிடம் அதே எழுத்தில் ஒரு புது லேபல் செய்யக் கொடுத்தால், அவரிடமும் லைசன்ஸ் இருக்க வேண்டும்.

அதனால் பெயருக்கு நான் சொல்லும் வழி வேறு. திறந்த உரிமமுள்ள எழுத்துருவுக்கு மாறுங்கள். எஸ்ஐஎல் ஓபன் ஃபொன்ட் லைசன்ஸ் என்று ஒன்று இருக்கிறது, சுருக்கமாக ஓஎஃப்எல். அதன் கீழ் வரும் எழுத்துருவை வியாபார அச்சு, லோகோ, பொதி எல்லாவற்றுக்கும் காசில்லாமல் பாவிக்கலாம். பிரதி எல்லை இல்லை. லேபலில் எழுத்துருவின் பெயரைப் போட வேண்டியதும் இல்லை. ஃபைலை உரிமத்தோடு சேர்த்து அச்சகத்துக்குக் கொடுக்கலாம். எழுத்துரு ஃபைலைத் தனியாக விற்கத்தான் கூடாது. கேர்வ் செய்து முதல் எழுத்தை மிளகாய்க் காம்பாக வளைப்பதற்கும் தடை இல்லை. மாற்றிய எழுத்துருவுக்குப் பழைய பெயரை வைக்கக் கூடாது என்று சிலவற்றில் ஒரு நிபந்தனை வரும், அது எழுத்துரு ஃபைலையே திருத்தி வெளியிடுபவர்களுக்கு. உங்கள் லோகோவுக்கு அல்ல.

கூகிள் ஃபொன்ட்ஸில் இருக்கும் `Kavivanar` ஐப் பாருங்கள். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அசீஸ் வடிவமைத்தது, கையால் எழுதியது போன்ற சாய்வெழுத்து. தமிழும் ஆங்கிலமும் ஒரே எழுத்துருவில் இருப்பதால் உங்கள் இரண்டு பெயர்களும் அக்கா தங்கை போல ஒன்றாக நிற்கும். இப்போது உள்ள லேபலில் அவை இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை என்பதுதான் என் எண்ணம். தடித்த எழுத்து வேண்டுமென்றால் `Baloo Thambi 2` இருக்கிறது. இரண்டிலும் உங்கள் பெயரைத் தட்டெழுதி, பவுச்சின் உண்மையான அளவில் அச்சடித்து, கடைத் தட்டு தூரத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மாற்றும்போது ஒரு இடத்தில் கவனம். பாமினி முறையில் அடித்த சொல்லை யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றினால் ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும், திரும்பத் தட்டெழுத வேண்டும். பழைய கோரல்ட்ரோ பதிப்புகள் யூனிகோடு தமிழைச் சரியாகச் சேர்ப்பதில்லை. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும், ஒகரத்தின் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். உங்கள் சேர்மானப் பட்டியலிலேயே கொத்தமல்லி, பெருஞ்சீரகம், வெந்தயம் மூன்றும் இருக்கின்றன, புதிதாகத் தட்டெழுதும் எதையும் அந்த மூன்று சொற்களை வைத்தே சோதிக்கலாம். உடைந்தால் இலவசமான இங்க்ஸ்கேப்பில் தட்டெழுதி, அங்கேயே கேர்வ் செய்து கொண்டுவரச் சொல்லுங்கள், அதில் தமிழ் ஒழுங்காக வரும். கேர்வ் செய்தபின் பிழை கண்டால் திருத்த முடியாது. எனவே கேர்வ் செய்யாத பிரதி ஒன்றை எப்போதும் வைத்திருக்க வேண்டும்.

பெயரைப் பதிவு செய்வதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகப் பதிந்தால் 10 வருடம் செல்லுபடியாகும், பிறகு புதுப்பிக்கலாம். அந்தக் குறி எந்த வடிவத்தில் பதியப்படுகிறதோ அந்த வடிவத்தோடுதான் அத்தனை காலமும் வாழ வேண்டும். எழுத்துருவின் லைசன்ஸ் சரியாக இருந்தாலும் அந்த எழுத்து உங்களுக்கு மட்டும் சொந்தமாகாது, நாளைக்கு மூதூரில் ஒருவர் தன் தயிர்ச் சட்டிக்கு அதே எழுத்தைப் போடலாம். பதிவு காப்பது உங்கள் பெயரையும் அதன் அமைப்பையும்தான். லோகோவில் இந்தத் தவறு பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. பிரான்ஸில் இணையத்தில் பதிப்புரிமை மீறலைத் தடுப்பதற்கென்றே உருவான ஹடோபி என்ற அமைப்பு 2010இல் தன் லோகோவை வெளியிட்டபோது, அதிலிருந்த எழுத்து பிரான்ஸ் டெலிகொம் நிறுவனத்துக்கென்று தனியாகச் செய்யப்பட்டது என்று தெரியவந்தது. அதை வடிவமைத்த ஜான் பிரான்சுவா போர்ஷே பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொண்டார். லோகோவை வேறு எழுத்தில் திரும்பச் செய்தார்கள்.

எனக்கும் ஒன்று நடந்தது. நிலாவெளியில் ஒரு தங்கும் விடுதிக்குப் பெயர்ப் பலகை, மெனு, துணிப்பை எல்லாம் செய்து கொடுத்தேன். ஒன்றரை வருடம் கழித்து அந்த எழுத்தை உருவாக்கியவர் விடுதியின் படத்தைப் பார்த்து அவர்களுக்கு மின்னஞ்சல் போட்டார். அவர் மரியாதையாகத்தான் கேட்டார். லைசன்ஸுக்கான காசை நான் கட்டினேன், ஆனால் விடுதிக்காரரின் முகத்தைப் பார்ப்பது காசு கட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து எந்த zip ஐயும் நான் அழிப்பதில்லை.

இனிப் படிவம். புது வடிவமைப்பு முடிந்தபின் அந்தக் கேள்விக்கு நான்கு வரி எழுதினால் போதும். தமிழ்ப் பெயரும் ஆங்கிலப் பெயரும் இந்த எழுத்துருவில், ஓஎஃப்எல் உரிமத்தின் கீழ், கூகிள் ஃபொன்ட்ஸிலிருந்து இந்தத் தேதியில் பெறப்பட்டது, சேர்மானங்களும் சிங்கள வரிகளும் விண்டோஸோடு வந்த எழுத்துருக்களில், வடிவமைத்தவர் இன்னார், மூல ஃபைல் நம்மிடம் இருக்கிறது. கூடவே zip இல் வரும் `OFL.txt` இன் பிரதி ஒன்றை இணையுங்கள். அந்த zip ஐ அப்படியே உங்கள் மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள், தம்பியின் கணினி பழுதானாலும் இருக்கும். பழைய ஸ்டிக்கருக்கும் சேர்த்து "உரிமம் உண்டு" என்று எழுத வேண்டாம், கேட்பது பவுச்சைப் பற்றி மட்டும்.

பழைய ஸ்டிக்கரைப் பற்றி அந்த ஆங்கில எழுத்தை உருவாக்கியவருக்குத் தம்பியே ஒரு மின்னஞ்சல் போடட்டும். சிறு வீட்டுத் தொழில், தெரியாமல் பாவித்தோம், இந்தப் பொருளில், இத்தனை ஸ்டிக்கர், இப்போது நிறுத்திவிட்டோம், கடந்ததற்கு லைசன்ஸ் எவ்வளவு என்று நேராகக் கேட்பதுதான் நல்லது. தனியாளாக எழுத்துரு செய்யும் பலர் அந்த ஒரு லைசன்ஸின் விலையோடு விட்டுவிடுவார்கள். பதில் வரும் வரைக்கும் மிச்ச ஸ்டிக்கரை ஒட்டாதீர்கள். இதுவரை அடித்தது எத்தனை, கையில் மிஞ்சியிருப்பது எத்தனை என்று அச்சக ரசீதைப் பார்த்து எண்ணி வையுங்கள், அவர் முதலில் கேட்கப்போவது அந்தக் கணக்கைத்தான்.